யார், யாரிடம் சொல்வது? பழம்பாடல்களில் பெண்ணின் வேட்கையும் பின்வந்த ஒழுக்க வரம்புகளும்



சில ஆண்டுகளுக்கு முன்னர் கிள்ளானில் நடைபெற்ற ஆசிரியர் பயிலரங்கு ஒன்றில் நாம் குறுந்தொகையின் 27ஆம் பாடலை விளக்கினோம். வெள்ளிவீதியார் பாடியது அது. தேநீர் இடைவேளையில் இளம் ஆசிரியை ஒருவர் வந்து தயக்கத்துடன் கேட்டார்: "ஐயா, இதில் 'அல்குல்' என்ற சொல் வருகிறதே, அதை வகுப்பில் எப்படி வாசிப்பது? நான் அந்த அடியை விட்டுவிட்டுத்தான் நடத்துகிறேன்." அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. நம் ஆசிரியர்களும் அவ்வாறே நடத்தினார்கள். ஆயினும் ஒரு பெண்பாற் புலவர் தம் வாயால் சொன்ன சொல்லை மற்றொரு பெண் வாயால் சொல்ல இயலாமற்போனது எவ்வாறு என்னும் வினா நம்மோடு தங்கிவிட்டது. அதனையே இன்று உங்கள்முன் வைக்கின்றோம்.

முதலில் அப்பாடலைக் காண்போம். கன்றும் உண்ணாமல், கறக்கும் கலத்திலும் விழாமல், நல்ல பசுவின் பால் மண்ணில் சிந்தி வீணாவது போலத் தன் மேனியழகு தனக்கும் பயன்படாமல், தலைவனுக்கும் இன்பந்தராமல் பசலைக்கு இரையாகிறது என்கிறாள் தலைவி. சங்கப் பாடல்களில் 'அல்குல்' என்பது மேகலை அணியும், தழையுடை உடுக்கும் இடுப்பின் கீழ்ப்பகுதியைக் குறித்து வரும் இயல்பான உறுப்புப்பெயர். அதற்குப் பிற்கால உரைகாரர்களும் அகராதிகளும் இடை என்றும் பக்கம் என்றும் பலவாறு பொருள் கூறுவர். பாடலிலோ கூச்சமும் இல்லை, கிளர்ச்சியூட்டும் நோக்கமும் இல்லை. வீணாகும் ஒன்றைப் பற்றிய துயரமே உள்ளது.

சங்க காலத்தில் வரம்பே இல்லை என்று எண்ணிவிடலாகாது. தலைவி தன் வேட்கையைத் தலைவன்முன் வாய்விட்டுச் சொல்லும் வழக்கமில்லை, அது குறிப்பினாலேயே புலப்படும் என்பது தொல்காப்பியக் களவியலின் விதி. அச்சமும் நாணும் மடனும் பெண்ணுக்குரியன என்றும் அவ்வியல் சொல்லும். ஆனால் இலக்கணக் கண்ணோடு நோக்கினால் ஒன்று விளங்கும். அவ்விதி கேட்பவரை வரையறுத்ததே தவிரச் சொல்பவளின் வாயை அடைக்கவில்லை. தலைவனிடம் சொல்லாததைத் தலைவி தோழியிடம் சொன்னாள், தன் நெஞ்சிடம் சொன்னாள். நாம் கண்ட பாடலும் தோழிக்கு உரைத்ததே. ஒரு கதவு அடைபட்டபோது மறு கதவு திறந்திருந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட பெண்பாற் புலவர்கள் சங்கத் தொகைகளில் இடம்பெற முடிந்தது.

அடுத்து ஆண்டாளை எண்ணிப் பாருங்கள். இவர் தோழியின் துணையையும் வேண்டாமல், தம் வேட்கையைக் காமதேவனிடமும் குயிலிடமும் மேகத்திடமும் நேரே சொல்கிறார். தம் கொங்கைகள் கண்ணனுக்கே உரியன, மானிடர்க்கு அல்ல என்கிறார். அவர் அருளியவை இரண்டு நூல்கள். முப்பது பாசுரங்கள் கொண்ட திருப்பாவை ஒன்று. 143 பாசுரங்கள் கொண்ட நாச்சியார் திருமொழி மற்றொன்று. மார்கழி விடியலில் நம் கோயில்களில் ஒலிப்பது திருப்பாவை. நாச்சியார் திருமொழியில் பலருக்கும் தெரிந்தது திருமணத்தில் ஓதப்படும் 'வாரணமாயிரம்' என்னும் ஒரு பதிகமே. பெரிய நூலில் ஒரு பகுதிதான் மக்கள் நாவில் நின்றது. இங்கே எவரும் தடை விதிக்கவில்லை. ஆன்மா இறைவனை நாடுவதே இவ்வேட்கை என்ற விளக்கம் நூலைப் போற்றிக் காத்தது, உண்மை. அதே நேரத்தில், எதை ஓதுவது என்னும் தேர்வு பெண்ணின் குரலைச் சுருக்கியது.

மூன்றாவது நிகழ்ச்சி தெலுங்கில் நிகழ்ந்தது. நிகழ்ந்த இடமோ தமிழ்நாடு. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் முத்துப்பழனி என்னும் கணிகையர் குலப் புலவர் இருந்தார். அவர் இயற்றியது 'ராதிகா சாந்தவனம்'. தான் வளர்த்த இளாவைக் கண்ணனுக்கு மணமுடித்து வைத்த ராதை, பின்னர் பிரிவாற்றாமல் தவிக்கிறாள், ஊடுகிறாள், இறுதியில் கண்ணனே வந்து அவளைத் தேற்றுகிறான். கூட்டத்தில் முந்துபவளாகவும் ராதையே காட்டப்படுகிறாள். நூலின் முகப்பில் முத்துப்பழனி தம் பாட்டி, தாய் ஆகியோரின் வழியைப் பெருமையுடன் கூறுகிறார்.

1887இல் இந்நூல் அச்சேறியபோது அம்முகவுரைப் பகுதியும் சில பாடல்களும் விடுபட்டன. சமூகச் சீர்திருத்தத்தில் புகழ்பெற்ற கந்துகூரி வீரேசலிங்கம், இது பெண்கள் காதால் கேட்கத் தகாத நூல் என்றும், ஒரு பெண் எழுதத் தகாதது என்றும் கண்டித்தார். பெண்கல்விக்கும் கைம்பெண் மறுமணத்துக்கும் போராடியவரே இவ்வாறு எழுதினார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பின்னர் பெங்களூர் நாகரத்தினம்மாள் வந்தார். திருவையாற்றில் தியாகராசர் சமாதிக் கோயிலை எழுப்பிய இசைக்கலைஞர் அவர். பிரிக்பீல்ட்ஸில் கீர்த்தனை பயிலும் நம் மாணவியரும் அவர் பெயரை அறிந்திருப்பர். அவர் சுவடியைத் தேடிப் பெற்று, விடுபட்டவற்றைச் சேர்த்து, 1910இல் முழு நூலையும் பதிப்பித்தார். தம் முன்னுரையில் வீரேசலிங்கத்துக்கு விடையும் தந்தார். நாணம் பெண்ணுக்கு மட்டும் உரியதா, ஆணுக்கு இல்லையா என்பது அவர் வினா. இதைக் காட்டிலும் வெளிப்படையான பாடல்கள் ஆண்கள் எழுதிய நூல்களில் உண்டு, அவற்றை வீரேசலிங்கமே செப்பஞ்செய்து பதிப்பித்துள்ளார் என்றும் சுட்டினார். 1911இல் ஆங்கில அரசு நூலின் படிகளைப் பறிமுதல் செய்து தடை விதித்தது. தங்குடூரி பிரகாசம் சென்னை மாகாணத்தின் முதல்வராய் இருந்தபோதுதான் அத்தடை நீங்கியது. 1952இல் நூல் மீண்டும் வெளிவந்தது.

இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால், பாடப்பட்ட பொருள் பெரிதும் மாறவில்லை என்பது தெரியும். மாறியது உரிமை. தொல்காப்பியம் கேட்பவரை வரையறுத்தது. ஆண்டாளிடத்தில் தேர்வு பாடலை வரையறுத்தது. முத்துப்பழனியிடத்தில் சொல்பவரே குற்றவாளியாக்கப்பட்டார். நாகரத்தினம்மாளின் வினா இவ்விடத்தையே தொட்டது. ஆண் பாடினால் சிருங்காரம், பெண் பாடினால் ஆபாசம் என்றால், அளவுகோல் பாட்டைப் பற்றியது அன்று, பாடியவரைப் பற்றியது.

கிள்ளான் ஆசிரியைக்கு நாம் கூறிய விடையைச் சொல்லி முடிக்கின்றோம். அகவை நோக்கிப் பாடலைத் தேர்ந்தெடுப்பது ஆசிரியரின் உரிமை. பத்து அகவைப் பிள்ளைக்கு இப்பாடல் வேண்டியதில்லை. ஆனால் நடத்துவதென்று துணிந்தபின் அடியை விடலாகாது. விட்டால், அது வெட்கப்படத்தக்கது என்னும் பாடத்தையும் சேர்த்தே நடத்தியவராவோம். உறுப்புப்பெயரை உறுப்புப்பெயராகவே சொல்லுங்கள். பின்னர் மாணவரிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: இதைச் சொல்பவள் யார்? யாரிடம் சொல்கிறாள்? எதை இழந்ததாகச் சொல்கிறாள்? மூன்றாம் வினாவுக்கு விடை தேடும் மாணவர் மண்ணில் சிந்திய பாலிடம் வந்து நிற்பார். அங்கே சிரிப்பு எழாது.

அடுத்த ஆண்டு அவ்வாசிரியையை மீண்டும் கண்டோம். முழுப்பாடலையும் வாசித்ததாகச் சொன்னார். வகுப்பு என்ன செய்தது என்று கேட்டோம். "அமைதியாக இருந்தது, ஐயா. பிறகு ஒரு மாணவி, 'அவர் திரும்பி வந்தாரா?' என்று கேட்டாள்" என்றார்.