‘பெட்’னா காலா, குழந்தையா?

இன்னைக்கு எபிசோட் ஒரு மன்னிப்போட ஆரம்பிக்குது. எஸ்எஸ்சி பரீட்சைக்குப் படிக்கிற என் தங்கச்சிக்கு, ‘ஒன் வேர்ட் சப்ஸ்டிட்யூஷன்’ கேள்விகளுக்கு லிஸ்ட்டை மனப்பாடம் பண்ணாத, வார்த்தையை உடைச்சுப் பாருன்னு சொல்லிக் கொடுத்தேன். அவளும் மாக் டெஸ்ட்ல ஒழுங்கா உடைச்சா. பதில் தப்பு. சிஜிஎல் முதல் கட்டத் தேர்வுல சரியான பதிலுக்கு 2 மார்க், தப்புக்கு 0.50 மைனஸ். அந்தக் கணக்குப்படி அவளுக்கு மொத்தம் இரண்டரை மார்க் நஷ்டம்.

கேள்வி இதுதான்: பாதத்துல வர்ற பிரச்சினைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் யார்? ஆப்ஷன்கள்: பெடஸ்ட்ரியன், சைக்கியாட்ரிஸ்ட், பீடியாட்ரிஷியன், பொடயாட்ரிஸ்ட்.

எப்பவுமே வாலில் இருந்து ஆரம்பிக்கணும். விடை ஒரு ஆளா, செயலா, படிப்பா என்பதை வார்த்தையோட பின்பகுதிதான் சொல்லும். இங்க கேட்பது டாக்டர். கிரேக்கத்தில் மருத்துவத்தைக் குறிக்கும் வேர் ‘ஐயாட்ர்’, எழுத்தில் ஐ-ஏ-டி-ஆர். அது மூணு ஆப்ஷன்ல இருக்கு. பெடஸ்ட்ரியன்ல இல்ல, அவர் ரோட்ல நடந்து போறவர். அவரை அடிச்சாச்சு. ‘சைக்’ என்றால் மனம். அதுவும் போச்சு. மிச்சம் ரெண்டு.

இங்கதான் தங்கச்சி மாட்டினா. ‘பெட்’னா கால், பெடல், பெடஸ்ட்ரியன் எல்லாம் அதிலிருந்து வந்ததுன்னு நான்தான் சொல்லியிருந்தேன். பீடியாட்ரிஷியனோட ஸ்பெல்லிங்கும் பி-இ-டி-ன்னுதான் ஆரம்பிக்குது. அதனால அதையே டிக் பண்ணிட்டா. குழந்தை மருத்துவரைக் கால் மருத்துவர் ஆக்கிட்டோம்.

கோட் எழுதுறவங்களுக்கு இது பழகின பக்தான்: ரெண்டு வேற லைப்ரரியில ஒரே பேர்ல ரெண்டு ஃபங்ஷன். கால் என்ற ‘பெட்’ லத்தீன். குழந்தை என்ற ‘பெட்’ கிரேக்கம், மூலத்தில் அது ‘பைட்’. ஆங்கிலத்துக்கு வந்து சேரும்போது ரெண்டுக்கும் ஒரே ஸ்பெல்லிங் ஆயிடுச்சு. கிரேக்கத்துல காலுக்கு வேற சொல் இருக்கு, ‘பாட்’, பி-ஓ-டி. ட்ரைபாட் என்றால் மூணு கால். பொடயாட்ரிஸ்ட்ல இருப்பது அதுதான். அப்போ விடை அதுவேதான்.

சரி, பரீட்சை ஹால்ல எந்த ‘பெட்’னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒட்டியிருக்கும் அடுத்த பாதியைப் பாருங்க. பொதுவா கிரேக்கம் கிரேக்கத்தோடும், லத்தீன் லத்தீனோடும்தான் சேரும். ‘ஐயாட்ர்’ கிரேக்கம், அதனால பக்கத்தில் இருக்கும் ‘பெட்’ குழந்தை. பெடகாக் என்ற சொல்லில் பின்னாடி வரும் ‘அகாக்’ அழைத்துச் செல்பவர், கிரேக்கம். அப்போ அது குழந்தையை அழைத்துச் செல்பவர், அதாவது ஆசிரியர். பெடிக்யூர்ல ‘க்யூர்’ லத்தீன், கவனிப்பு என்று பொருள். அதனால அங்க கால். பிரிட்டிஷ் ஸ்பெல்லிங் இன்னொரு துப்பு தரும்: பீடியாட்ரிஷியனை அவங்க பி-க்கு அப்புறம் ஏ-இ போட்டு எழுதுவாங்க. கால் என்ற ‘பெட்’டுக்கு அந்த ஏ வராது.

இந்த விதிக்கும் ஓட்டை உண்டு. நடையை எண்ணும் பெடோமீட்டர்ல ‘பெட்’ லத்தீன், ‘மீட்டர்’ கிரேக்கம். கலப்புத் திருமணம். ஆனா அந்த மாதிரி சொற்கள் பெரும்பாலும் நமக்கு ஏற்கெனவே பழக்கமானதாதான் இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. ஆர்த்தோபீடிக்ஸ் என்ற சொல்லை உடைச்சா ‘நேரான குழந்தை’ன்னு வரும். 1741-ல் நிக்கோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர், குழந்தைகளோட உடல் வளைவுகளைச் சரி செய்வது பற்றி எழுதிய புத்தகத்துக்கு அந்தப் பேரை வச்சார். அப்புறம் அர்த்தம் விரிஞ்சு, இன்னைக்கு எழும்பு முறிஞ்ச தாத்தாவும் அங்கதான் போறார். அதனால வேரை வச்சு ஆப்ஷனைக் கழிக்கலாம். அது மட்டுமே முழு அர்த்தம் ஆகாது. பாய்காட் மாதிரி ஒரு மனுஷன் பேர்ல இருந்து வந்த சொல்லை உடைக்கவே முடியாது. அதை மனப்பாடம்தான் பண்ணணும்.

ஞாபகம் வச்சுக்க ஒரு வழி சொல்லிட்டு முடிக்கிறேன். நாம சொல்ற ‘பாதம்’ சமஸ்கிருதத்தில் இருந்து வந்தது. அது லத்தீன் ‘பெட்’டுக்கும் கிரேக்க ‘பாட்’டுக்கும் சொந்தக்காரன். பாதம், பெட், பாட், மூணும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. குழந்தை ‘பெட்’ மட்டும் வேற வீடு.

தங்கச்சி இப்போ தன் நோட்டுல ‘பெட்’டுக்கு ரெண்டு வரி ஒதுக்கியிருக்கா. உங்க நோட்டுல ‘ஹோமோ’வுக்கும் அதே மாதிரி ரெண்டு வரி விடுங்க. ஹோமிசைட்ல அது லத்தீன், மனிதன். ஹோமோஜீனியஸ்ல அது கிரேக்கம், ஒரே மாதிரி. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.