கூட்டல் குறி போட்டுப் பாருங்கள்



தாராவியில் வேலை முடித்துக் களைத்து வந்திருக்கிறீர்கள். நீட்டிப் பேச மாட்டேன். மாட்டுங்கா ஸ்டேஷன் அருகே பூக் கட்டும் ஓர் அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அவருக்குச் செம்பூரில் வங்கிக் கணக்கு. அதில் மகளின் கல்லூரிக் கட்டணம் 18,000 ரூபாய் இருந்தது. ஒரு நாள் மாலை அவர் போனுக்கு ஒரு செய்தி வந்தது. “உங்கள் கணக்கு இன்று இரவு முடக்கப்படும். பான் எண்ணைப் புதுப்பிக்க இதைத் தொடவும்” என்று இருந்தது. கீழே ஒரு சிறிய லிங்க். அக்கா பதறிப் போனார். நல்ல வேளை, தொடாமல் என்னிடம் காட்டினார்.

இது புதிய தந்திரம் அல்ல. 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில் இதே மும்பையில் இதைப் போன்ற செய்திகள் வந்தன. ஒரு தனியார் வங்கியின் வாடிக்கையாளர்கள் 40 பேருக்கு மேல், மூன்றே நாளில் பல லட்சம் ரூபாய் இழந்தார்கள். லிங்கைத் தொட்டார்கள். வங்கியைப் போன்ற பக்கம் திறந்தது. அதில் ரகசிய எண்களை எழுதினார்கள். பணம் போய்விட்டது.

அக்காவுக்கு வந்த லிங்க் bit.ly என்று தொடங்கியது. நீண்ட முகவரியைச் சுருக்கித் தரும் நிறுவனம் அது. நல்லவர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் சுருக்கிய பிறகு உள்ளே இருக்கும் முகவரி நமக்குத் தெரியாது. மூடிய கூடை மாதிரி. உள்ளே மல்லிகையா, பாம்பா? கையை விடாமல் பார்க்க வேண்டும்.

அதற்கு வழி உண்டு. நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

லிங்கைத் தட்டவில்லை. செய்தியின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தோம். நகல் எடுக்கும் பட்டன் வந்தது. நகல் எடுத்து, போனில் குறிப்பு எழுதும் இடத்தில் ஒட்டினோம். மற்ற எழுத்துகளை அழித்து லிங்கை மட்டும் வைத்தோம். அதன் கடைசியில், இடைவெளி விடாமல், ஒரு கூட்டல் குறி போட்டோம். மாதிரிக்கு இப்படி:

```
https://bit.ly/pankyc7+
```

கூட்டல் குறி இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்தோம். அது விட்டுப்போனால் நேரே அந்தப் பக்கமே திறந்துவிடும். பிறகுதான் இதை நகல் எடுத்து, இணையம் பார்க்கும் இடத்தில் ஒட்டித் திறந்தோம். கூட்டல் குறி போட்டால் bit.ly நம்மை அங்கே அனுப்பாது. முழு முகவரியை மட்டும் எழுதிக் காட்டும். tinyurl.com என்று தொடங்கினால், அதற்கு முன்னால் preview. என்று சேர்க்க வேண்டும். அப்போதும் முகவரி மட்டும் தெரியும்.

அக்காவின் கூடைக்குள் இருந்தது இந்த மாதிரி:

```
https://mybank.pan-update.example/login
```

“வங்கி பெயர் இருக்கிறதே!” என்றார் அக்கா. இருக்கிறது. ஆனால் இருக்கும் இடம் தவறு. இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு, அடுத்த ஒற்றைச் சாய்கோடு வரை படியுங்கள். அதன் கடைசிப் பகுதிதான் சொந்தக்காரர் பெயர். இங்கே அது pan-update.example. முன்னால் உள்ள mybank, யாரும் மாட்டிக்கொள்ளக்கூடிய பெயர்ப்பலகை.

நம் நாட்டு வங்கிகள் bank.in என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஆகவே, அந்த ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால், தொடக்கப் புள்ளியோடு சேர்த்து .bank.in இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் bank.in வந்து, அதன் பிறகு வேறு பெயர் வந்தால் அது ஏமாற்று. முகவரி .apk என்று முடிந்தால், போனுக்குள் ஒரு செயலியை இறக்கப் பார்க்கிறார்கள். தொடவே கூடாது.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. கூட்டல் குறி காட்டுவது முதல் வாசலைத்தான். அங்கிருந்து இன்னொரு இடத்துக்குத் தள்ளிவிடலாம். விரித்த முகவரியே மறுபடியும் சின்ன லிங்காக இருந்தால் விட்டுவிடுங்கள். வேறு நிறுவனத்தின் லிங்குகளுக்குக் கூட்டல் குறி வேலை செய்யாமல் போகலாம். அவற்றைச் சோதிக்கவே வேண்டாம். பாஸ்புக்கில் உள்ள எண்ணுக்குப் போன் செய்யுங்கள், அல்லது கிளைக்கு நேரில் போங்கள். செய்தியில் வந்த எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள்.

ஏற்கெனவே தொட்டு, எண்ணைக் கொடுத்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். தாமதித்தால் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

அக்கா அந்தச் செய்தியை அழித்தார். மறுநாள் செம்பூர் கிளைக்குப் போய்க் கேட்டார். கணக்கில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். மகளின் கட்டணத்தை அன்றே கட்டிவிட்டு வந்தார்.

இப்போது உங்கள் போனை எடுங்கள். கூட்டல் குறி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். கண்டுபிடித்தவர், பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டுங்கள்.