‘செய்தோம்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

(வெளிநாட்டு வேலை வழிகாட்டி முகாமில் நம் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)



போன வருடம் எலக்ட்ரீசியன் தம்பி ஒருவர் நம்மிடம் இரண்டு பயோடேட்டாக்களைக் கொண்டு வந்தார். ஒன்று, அவரே தமிழில் எழுதியது. மற்றது, பிரவுசிங் சென்டரில் பணம் கொடுத்து ஆங்கிலத்தில் மாற்றியது. அந்த ஆங்கிலத் தாளுடன் வளைகுடா வேலைக்கான இன்டர்வியூவுக்குப் போய்த் திரும்பியிருந்தார். வேலை கிடைக்கவில்லை.

தமிழ்த் தாளில், ‘48 வீடுகள் கொண்ட குடியிருப்பின் வயரிங் வேலையைச் செய்து முடித்தோம்’ என்று இருந்தது. அதில் பொய் இல்லை. ஆங்கிலத் தாளில் அதே வரி, ‘மேனேஜ்டு’ என்ற சொல்லில் தொடங்கி, 48 வீடுகளின் முழு மின்வேலையையும் அவரே நிர்வகித்ததாக மாறியிருந்தது. இன்டர்வியூவில் கட்டடத்தின் மொத்த லோடு எவ்வளவு, மெயின் பிரேக்கரை எந்தக் கணக்கில் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டார்கள். அது என்ஜினீயர் பார்த்த வேலை. தம்பிக்குப் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் அவர்கள் நம்பவில்லை.

தவறு எங்கே நடந்தது? தமிழில் ‘செய்தோம்’ என்றால் கூட இருந்தவர்களும் அதற்குள் வந்துவிடுகிறார்கள். ஆங்கில பயோடேட்டாவில் ‘நான்’, ‘நாங்கள்’ இரண்டையும் எழுதாமல் நேராக வினைச்சொல்லில் தொடங்குவது வழக்கம். ஆகவே குழுவின் வேலை முழுவதும் ஒருவர் கணக்கில் ஏறிவிடுகிறது. நாம் நினைக்காமலே அடுத்தவர் உழைப்பை நம்முடையதாக்கிவிடுகிறோம்.

தம்பியை உட்காரவைத்து மூன்று கேள்விகள் கேட்டோம். எத்தனை பேர் வேலை பார்த்தீர்கள்? ஐந்து பேர், மேலே ஒரு சூப்பர்வைசர். உங்கள் கையால் செய்தது எது? முதல் வருடம் ஹெல்பர். சுவரைக் காடி வெட்டி பைப் பதித்தார். பிறகு வயர்மேனாக 16 வீடுகளில் வயர் இழுத்து, டிபி பெட்டியில் இணைப்புக் கொடுத்தார். சரியாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? ஒவ்வொரு வீட்டிலும் 500 வோல்ட் மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்த்ததாகவும், ஆர்சிசிபி-யின் டெஸ்ட் பட்டனை அழுத்தி ட்ரிப் ஆகிறதா என்று சோதித்ததாகவும் சொன்னார்.

இந்தக் கடைசி விஷயம் இரண்டு தாள்களிலுமே இல்லை! ‘அது எல்லாரும் செய்றதுதானே’ என்றார். அடக்கம் நல்லதுதான். ஆனால் வேலை கொடுப்பவர் தேடுவதே அதைத்தான்.

பிறகு அந்த வரியை இப்படித் திருத்தினோம்: ‘48 வீடுகள் கொண்ட குடியிருப்பில், சூப்பர்வைசரின் கீழ் ஐவர் குழுவில் ஒருவர். 16 வீடுகளில் வயரிங், டிபி இணைப்பு, இன்சுலேஷன் சோதனை.’ வயர் இழுத்ததற்கு ‘இன்ஸ்டால்டு’, சோதனைக்கு ‘டெஸ்டெட்’ என்று போட்டோம். ஹெல்பராக இருந்த வருடத்துக்கு மட்டும் ‘அசிஸ்டெட்’. சிலர் பயந்துகொண்டு எல்லா வரியிலும் ‘அசிஸ்டெட்’ என்றே எழுதுகிறார்கள். தனியாகச் செய்த வேலையை உதவி என்று எழுதினால் அதுவும் சரியான தகவல் ஆகாது.

‘கடின உழைப்பாளி’, ‘எல்லா வேலையிலும் நிபுணர்’ என்ற வரிகளை எடுத்துவிட்டோம். அவற்றைப் படிப்பவர் சோதித்துப் பார்க்க வழியில்லை. 2020-இல் ஊரடங்கினால் வேலையில்லாமல் இருந்த ஐந்து மாதங்களை பிரவுசிங் சென்டர்க்காரர் அனுபவத்தில் சேர்த்து ஒட்டியிருந்தார். அதைப் பிரித்து எழுதினோம். அனுபவச் சான்றிதழில் ஒரு தேதியும் பயோடேட்டாவில் வேறு தேதியும் இருந்தால் சந்தேகம் தேதியோடு நிற்காது. பெயரையும் இனிஷியலை விரித்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து போட்டோம்.

கடைசியாக ஒன்று செய்யச் சொன்னோம். பழைய சூப்பர்வைசருக்கு போன் செய்து, புதிய தாளைத் தமிழில் சொல்லிக் காட்டச் சொன்னோம். அவர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: ‘16 இல்லப்பா, 14. கடைசி ரெண்டு வீட்டை மத்தவங்க முடிச்சாங்க.’ 14 என்றே மாற்றினோம்.

உங்கள் தாளை அனுப்பும் முன் நீங்களும் அப்படிச் செய்யுங்கள். கூட வேலை பார்த்த ஒருவரிடம் ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டுங்கள். அவர் சிரித்தால் அந்த வரி கூடுதல். ‘இதை ஏன் விட்டுட்டே?’ என்று கேட்டால் குறைவு. தலையாட்டினால் அனுப்பலாம்.