ஒரே எண், நான்கு நோட்டுகள்
(அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

செய்முறை வகுப்பில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு சோதனையைச் செய்கிறார்கள். இருவர் நோட்டிலும் ஒரே அட்டவணை இருக்கிறது. இது பகிர்வா, நகலா என்று நம்மில் பலர் கேட்கிறோம். சிலர் "அப்படியே பார்த்து எழுதியிருக்கிறாய்" என்று திட்டுகிறோம். சிலர் "போகட்டும், கருவி இருப்பதே நாலுதான்" என்று விட்டுவிடுகிறோம். நான் மேல்நிலை முதலாம் ஆண்டுக்கு இயற்பியல் எடுப்பதால், எல்லோருக்கும் தெரிந்த தனி ஊசல் சோதனையை வைத்தே பேசுகிறேன்.

ஊசலின் நீளத்தை மாற்றி மாற்றி, ஒவ்வொரு நீளத்துக்கும் 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை இரண்டு முறை எடுக்கிறோம். g = 4π²l/T² என்ற சூத்திரத்தில் போட்டுப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் காண்கிறோம். ஒரு மேசைக்கு ஒரு ஊசல், ஒரு நிறுத்துக் கடிகாரம், இரண்டு மாணவர்கள். குண்டு நடுக்கோட்டைக் கடப்பதைப் பார்த்து ஒருவர் எண்ண வேண்டும், இன்னொருவர் கடிகாரத்தை அழுத்த வேண்டும். வேலையே இரண்டு பேருக்கானது என்பதால் அந்த நேர அளவீடு இருவருக்கும் சொந்தம். அதை இருவரும் எழுதுவதில் ஒரு தவறும் இல்லை. இரண்டாம் முயற்சியில் எண்ணுபவரும் அழுத்துபவரும் இடம் மாறிக்கொள்ளச் சொல்லுங்கள். அட்டவணையில் இருவர் கையும் பட்டிருக்கும்.

சென்ற ஆண்டு என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் மேசையில் இரண்டு மாணவிகள். 80 செ.மீ. நீளத்துக்கு அவர்கள் எழுதியிருந்த நேரம் முதல் முயற்சியில் 35.8 விநாடி, இரண்டாம் முயற்சியில் 34.1 விநாடி. சராசரி 34.95. அந்த வரிசையில் மட்டும் g மதிப்பு 10.34 வந்திருந்தது. மற்ற வரிசைகளில் எல்லாம் 9.7 முதல் 9.9 வரை. ஐந்தாம் மேசையில் இரண்டு மாணவர்கள். அவர்களுக்கு அதே 80 செ.மீ.க்கு 35.9, பிறகு 34.2. மற்ற நேரங்களும் மூன்றாம் மேசையின் நேரங்களிலிருந்து சொல்லிவைத்தாற்போல் 0.1 விநாடி தள்ளியே இருந்தன.

இங்கே 34.1 என்ற எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் முயற்சிக்கும் இதற்கும் வித்தியாசம் 1.7 விநாடி. கடிகாரத்தை அழுத்தும் விரல் பத்தில் ஒன்றிரண்டு விநாடி முன்பின் போகலாம், இவ்வளவு போகாது. ஆனால் 80 செ.மீ. ஊசலுக்கு ஒரு அலைவு நேரம் ஏறத்தாழ 1.8 விநாடி. ஆக, ஒரு அலைவு எண்ணிக்கையில் விட்டுப்போயிருக்கிறது. 34.1ஐ 19ஆல் வகுத்தால் 1.795 வருகிறது, 35.8ஐ 20ஆல் வகுத்தால் 1.79. இரண்டும் பொருந்துகின்றன.

நான் யாரையும் கேள்வி கேட்கவில்லை. இரண்டு மேசைக்கும் 80 செ.மீ. வைத்து, என் முன்னால் மறுபடி எடுக்கச் சொன்னேன். மூன்றாம் மேசையில் எண்ணிய மாணவி கொஞ்ச நேரத்தில் தானே சொல்லிவிட்டாள்: "சார், அன்னைக்கு ஒரு தடவை வாட்ச் அழுத்தும்போதே ஒண்ணுன்னு ஆரம்பிச்சுட்டேன். பூஜ்ஜியம்னு ஆரம்பிச்சிருக்கணும்." அவளுடைய தோழிக்கும் அது நினைவுக்கு வந்தது. ஐந்தாம் மேசைக்கு 34.2 மறுபடி வரவே இல்லை. அந்த எண் எப்படி வந்தது என்று இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில், பக்கத்து நோட்டைப் பார்த்து ஒரு பத்தில் ஒன்றைக் கூட்டிப்போட்டதாக ஒருவன் சொன்னான்.

ஒரே தவறு நான்கு நோட்டுகளில் இருந்தது. முதல் இரண்டு நோட்டுகளில் அது நேர்மையான அளவீடு, ஏனென்றால் அந்த 34.1 பதிவானபோது இருவரும் அந்த மேசையில் இருந்தார்கள், என்ன நடந்தது என்று இருவராலும் சொல்ல முடிந்தது. மற்ற இரண்டில் அது நகல். எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்திருந்தால் நான் மூன்றாம் மேசையைத் தண்டித்திருப்பேன். அவர்கள் நோட்டுகள்தான் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. ஐந்தாம் மேசை எண்களை மாற்றியல்லவா எழுதியிருந்தது!

மூன்றாம் மேசைக்கு நான் சொன்னது: 34.1ஐ அழிக்காதீர்கள். ஒரு கோடு அடித்து, பக்கத்தில் காரணத்தை எழுதி, புதிய அளவீட்டைக் கீழே சேருங்கள். ஐந்தாம் மேசை முழு அட்டவணையையும் மறுபடி எடுத்தது. மதிய இடைவேளையில் முக்கால் மணி நேரம் ஆனது, அவ்வளவுதான்.

வேறொரு நோட்டும் அன்று வந்தது. 100 செ.மீ.க்கு இரண்டு முயற்சியிலும் 40.14. 80 செ.மீ.க்கு இரண்டிலும் 35.90. g சரியாக 9.80. விநாடியின் நூறில் ஒரு பங்கு வரை இரண்டு முறையும் ஒரே நேரம் எந்த விரலுக்கும் வந்துகொண்டே இருக்காது. விடையை வைத்துக்கொண்டு நேரத்தைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டிருக்கிறான். இதற்கு நாமும் ஒரு காரணம். 9.8ஐத் தொட்டால் முழு மதிப்பெண், 10.3 வந்தால் குறைப்பு என்று திருத்தினால், பிள்ளை ஊசலை ஏன் ஆட்டப்போகிறான்? இத்தனைக்கும் நம் மாநிலம் இருக்கும் அட்சரேகையில் g ஏறத்தாழ 9.78தான். 9.81 என்று கச்சிதமாக வரவழைக்கிறவன் வேறு ஊர் மதிப்பை எழுதிக்கொண்டிருக்கிறான்.

சரி, கூட்டாளிகளுக்குள் பகிர்வு எங்கே நிற்க வேண்டும்? நேர அட்டவணையோடு நிற்க வேண்டும் என்பது என் கருத்து. குண்டின் விட்டத்தை வெர்னியர் அளவியால் தனித்தனியே எடுக்கலாம், அதற்கு இரண்டு பேர் தேவையில்லை. ஒருவருக்கு 1.91 செ.மீ., மற்றவருக்கு 1.92 வந்தால் g மதிப்பில் எந்த மாற்றமும் தெரியாது. அவரவர் அளந்திருக்கிறார் என்பது மட்டும் தெரியும். கணக்கும் வரைபடமும் கட்டாயம் தனித்தனி. T²க்கும் l-க்கும் வரைபடம் போடும்போது புள்ளிகள் ஒன்றேதான், ஆனால் அவற்றின் நடுவே கோடு போடும் கண் வேறு. மூன்றாம் மேசையில் ஒருத்திக்குச் சாய்வு 4.02 வந்தது, மற்றவளுக்கு 4.06. g முறையே 9.82, 9.72. இருவரும் சரி. ஒரே அட்டவணையிலிருந்து இவ்வளவு வேறுபாடு வரலாம் என்பதே அவர்களுக்கு ஒரு பாடம். சாய்வு காண இருவரும் கோட்டில் ஒரே இரண்டு புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, ஒரே இடத்தில் தசமப் புள்ளியைத் தவறவிட்டிருந்தால், அப்போது கூப்பிட்டு விசாரியுங்கள்.

கருவி போதாத பள்ளிகளைப் பற்றிக் கேட்பீர்கள். 40 பேருக்கு இரண்டு கடிகாரம்தான் என்றால், ஒரு குழுவுக்கு ஒரு நீளம் என்று கொடுத்துக் கரும்பலகையில் பொது அட்டவணை போடுங்கள். வகுப்பு முழுவதும் அதை எழுதிக்கொள்ளலாம், அது வெளிப்படையான பகிர்வு. ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே, எடுத்த குழுவின் எண் இருக்க வேண்டும். ஒரு வரிசையின் புள்ளி கோட்டை விட்டு விலகி நின்றால் யாரிடம் போய்க் கேட்பது என்று அப்போதுதான் தெரியும்.

அன்று விடுப்பில் இருந்த பிள்ளைக்கும் இதே வழிதான். கருவி கிடைக்கும் நாளில் அவளே செய்யட்டும். கிடைக்காவிட்டால் மூன்றாம் மேசையின் நேரங்களை வாங்கி, அட்டவணையின் தலையில் "அளவீடு: மூன்றாம் மேசை" என்று எழுதி, கணக்கையும் வரைபடத்தையும் தானே போடட்டும். அளவீட்டுக்கான மதிப்பெண் அவளுக்குக் கிடையாது. கணக்குக்கும் வரைபடத்துக்கும் உரியதை முழுதாகக் கொடுங்கள்.