நூறு கொடுத்தால் நூற்றிருபத்தைந்து

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களே, முன் வரிசையில் பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, சாம்பார் வாசம் மேடை வரைக்கும் வந்துவிட்டது. அதனால் நீட்ட மாட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர். அப்பா பருப்பு மண்டியில் கணக்குப்பிள்ளை. நான் இங்கே இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனைக்குக் கணக்குப் பார்க்கிறேன். போன பொங்கல் விழாவில் அண்டா கழுவிய கூட்டத்தில் என்னைப் பார்த்திருப்பீர்கள். இப்போது பொருளாளர் ஆக்கிவிட்டீர்கள். இந்த ஆண்டு நான் செய்ய நினைக்கும் ஒரு வேலையைச் சொன்னால் அதுவே என் அறிமுகமாக இருக்கும். கிஃப்ட் எய்ட் பணத்தை முறையாகக் கேட்டு வாங்குவதுதான் அந்த வேலை.

நம் சங்கம் பதிவு செய்த அறக்கட்டளை. நீங்கள் 100 பவுண்டு நன்கொடை கொடுத்து, ஒரு படிவத்தில் பெயரும் வீட்டு முகவரியும் எழுதி ஒப்புதல் கொடுத்தால், வரித்துறை நமக்கு இன்னொரு 25 பவுண்டு தரும். அது நீங்கள் ஏற்கெனவே கட்டிய வருமான வரியிலிருந்து வருவது; உங்கள் கையிலிருந்து கூடுதலாக ஒரு பென்னியும் போகாது. நாற்பது விழுக்காடு வரி கட்டுபவராக இருந்தால், அதே நன்கொடையைத் தம் வரிக் கணக்கில் காட்டி அவரும் 25 பவுண்டு திரும்ப வாங்கலாம்.

இன்னொரு நல்ல செய்தி. ஒப்புதலைக் கடந்த நான்கு ஆண்டு நன்கொடைக்கும் சேர்த்தே கொடுக்கலாம். ஆண்டுக்கு 100 பவுண்டு வீதம் நான்கு ஆண்டாகக் கொடுத்து வந்த ஒருவர் இன்று கையெழுத்துப் போட்டால், நம் தமிழ்ப் பள்ளிக்கு 100 பவுண்டு வந்து சேரும். ஆனால் அந்த நன்கொடை நம் கணக்கில் அவர் பெயரோடு பதிவாகியிருக்க வேண்டும். "பொங்கல்" என்று மட்டும் எழுதி அனுப்பிய பணத்தை யார் அனுப்பினார் என்று நான் எங்கே போய்த் தேடுவது? பெயரையும் போட்டுவிடுங்கள், ஐயா.

எல்லாப் பணத்துக்கும் இது பொருந்தாது. இன்றைய சாப்பாட்டு டிக்கெட் நன்கொடை ஆகாது. காசு கொடுத்து இலையில் உட்காருகிறோம், அது வியாபாரம். கடை வைத்திருக்கும் அண்ணன் தம் லிமிடெட் கம்பெனிக் கணக்கிலிருந்து 250 பவுண்டு கொடுத்தால் அதற்கும் கிடையாது. கம்பெனிக்கு வரிச் சலுகை வேறு வழியில் உண்டு. அவரே சொந்தக் கணக்கிலிருந்து கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் நம் அம்மாக்களும் அம்மம்மாக்களும் தாராளமானவர்கள். ஓர் அம்மா 200 பவுண்டு கொடுத்து, மகன் காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டுவிடுகிறார் என்று வையுங்கள். நாம் 50 பவுண்டு கேட்டு வாங்கிவிடுவோம். ஆனால் அந்த ஆண்டு அவர் இந்த நாட்டில் வரியே கட்டவில்லை என்றால், அந்த 50 பவுண்டை வரித்துறை அவரிடமே கேட்கலாம். மகன் கட்டும் வரி அம்மாவின் கணக்கில் சேராது. அப்படிப்பட்டவர்கள் நன்கொடையை மனதாரக் கொடுங்கள், படிவத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மகன் தம் பணத்தைத் தம் பெயரிலேயே கொடுக்கட்டும்.

அம்மாக்களுக்குச் சரியான இடம் வாசலில் இருக்கும் உண்டியல். ஒருவர் 30 பவுண்டு வரை ரொக்கமாகப் போட்டால் பெயரும் வேண்டாம், படிவமும் வேண்டாம். அதற்கும் கால் பங்கு கேட்கலாம். ஓர் ஆண்டில் 8,000 பவுண்டு வரைதான் இப்படிக் கணக்கில் வரும். அதோடு, படிவத்தோடு வந்த நன்கொடைக்கு அதே ஆண்டில் கேட்டிருக்க வேண்டும். அந்த நன்கொடைத் தொகையைப் போலப் பத்து மடங்குக்கு மேலான உண்டியல் பணத்துக்குக் கேட்க முடியாது. உண்டியல் பணம் வங்கிக்கும் போயாக வேண்டும். விழா முடிந்ததும் உண்டியலைத் திறந்து வாழையிலைக்காரருக்கும் மைக் செட்டுக்காரருக்கும் அப்படியே எண்ணிக் கொடுத்துவிட்டால், அந்தப் பணத்துக்கு ஒன்றும் கேட்க முடியாது. ஆகவே இன்று முதல் இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, தேதி போட்டு, இருவரும் கையெழுத்திட்டுத்தான் பை கட்டப்படும். அந்த இருவரில் நான் இருக்க மாட்டேன். வங்கியில் கட்டுபவன் நான்; எண்ணுபவர்கள் வேறு ஆட்களாக இருப்பதுதான் முறை.

செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். படிவமும் பேனாவும் அங்கே இருக்கின்றன. வரி கட்டுகிறோமா இல்லையா என்று சந்தேகம் உள்ளவர்கள் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்தால் நானே பார்த்துச் சொல்கிறேன். முதல் பந்தியில் நான் உட்காரப் போவதில்லை. அந்த நேரம் முழுக்க மேசையில்தான் இருப்பேன்.