போன தடி திரும்பி வருவது எப்படி?

தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பிளைவுட்டில் பூமராங் அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மைதானத்தில் எறிந்து பார்ப்பது என் நெடுநாள் வழக்கம். எறிந்த பொருள் ஏன் எறிந்தவரிடமே திரும்பி வருகிறது? இன்று அதைத்தான் பேசப்போகிறேன்.

பூமராங்கை மேசைமேல் வைத்ததுமே எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளை எழுந்துவிடும். "சார், நம்ம வளரியும் இப்படித்தானே திரும்பி வரும்?" நல்ல கேள்வி. வளரி நம் தென்மாவட்டத்து ஆயுதம். சின்ன மருதுவிடம் அதை எறியக் கற்றுக்கொண்டதாகக் கர்னல் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 100 கஜ தூரத்துக்குள் குறி தவறாமல் எறியலாம் என்கிறார். 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் நூலில் புதுக்கோட்டைப் பகுதி வளரியின் வருணனை இருக்கிறது. பிறை வடிவம், வைரம் பாய்ந்த மரம் அல்லது இரும்பு, ஒரு முனை மற்றதைவிடக் கனம். லேசான முனையைப் பிடித்துத் தோளுக்கு மேல் சில முறை சுழற்றி வீசுவார்கள். இப்படி ஒரு பக்கம் கனம் கூட்டிச் செய்த ஆயுதம் போய்த் தாக்குவதற்கானது, திரும்பி வருவதற்கானது அல்ல. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களும் வேட்டைக்குப் பெரும்பாலும் திரும்பாத எறிதடிகளையே வைத்திருந்தார்கள். ஆகவே வளைந்த தடியெல்லாம் திரும்பாது. அந்த ரகசியம் வேறு இடத்தில் இருக்கிறது.

எங்கே என்று கேட்டால், சிறகின் குறுக்குவெட்டில். திரும்பி வரும் பூமராங்கைக் கையில் வாங்கி விரலால் தடவிப் பாருங்கள். அடிப்பக்கம் தட்டை, மேல்பக்கம் லேசாகப் புடைத்திருக்கும். ஒவ்வொரு சிறகிலும் ஒரு விளிம்பு மொத்தமாக, உருண்டையாக இருக்கும். எதிர் விளிம்பு சரிந்து சரிந்து மெலிந்து போகும். விமானத்தின் இறக்கையும் இதே வடிவம்தான். மொத்த விளிம்பு காற்றைக் கிழித்து முன்னால் போனால், புடைத்த பக்கம் நோக்கி ஒரு தள்ளுவிசை கிடைக்கும்.

இதில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். ஒரு பையன் அழகாக அறுத்து, பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்தான். எறிந்தால் கொஞ்ச தூரம் போய்ப் பொத்தென்று விழுகிறது. வாங்கித் தடவிப் பார்த்தேன். இரண்டு சிறகிலும் வெளி விளிம்பையே மொத்தமாக விட்டிருந்தான். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கிறது, ஆனால் பூமராங் சுழலும் பொருளாயிற்றே! அது சுழலும்போது ஒரு சிறகில் வெளி விளிம்பு முன்னால் போகும், மற்றதில் உள் விளிம்பு முன்னால் போகும். அவன் செய்ததில் ஒரு சிறகு காற்றைப் பின்புறமாகக் கிழித்துக்கொண்டிருந்தது. விளிம்பை மாற்றித் தேய்க்கச் சொன்னேன். அடுத்த வாரம் அதே தடி வட்டம் அடித்தது.

சரி, வலது கைக்காரர் ஒருவர் எறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். தட்டுபோலப் படுக்கையாக எறியக்கூடாது. கிட்டத்தட்ட செங்குத்தாக, தலைப்பக்கம் வலப்புறமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்க, புடைத்த பக்கம் தன்னைப் பார்க்கப் பிடித்து, மணிக்கட்டைச் சொடுக்கி எறிகிறார். நல்ல எறி என்றால் பூமராங் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும், நொடிக்கு 10 சுற்று சுற்றும். சிறகின் நீளம் 30 சென்டிமீட்டர் என்றால், அந்தச் சுழற்சியால் மட்டும் அதன் நுனிக்கு மணிக்கு 68 கிலோமீட்டர் வேகம் இருக்கும்.

இப்போது கவனியுங்கள். மேலே இருக்கும் நுனி முன்னோக்கிச் சுற்றுகிறது. அதற்கு 90-உம் 68-உம் சேர்ந்து 158. கீழே இருக்கும் நுனி பின்னோக்கிச் சுற்றுகிறது. அதற்கு 90-இல் 68 போக 22. ஒரே தடியின் இரண்டு நுனிகளுக்குக் காற்று வேகத்தில் ஏழு மடங்கு வித்தியாசம்! தள்ளுவிசையோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஏழேழு நாற்பத்தொன்பது. சிறகு முழுவதையும் கணக்கில் எடுத்தால் வித்தியாசம் இவ்வளவு வராது, ஆனாலும் மேல்பாதி இடப்புறமாகப் பலமாகத் தள்ளப்படுகிறது, கீழ்ப்பாதி அப்படித் தள்ளப்படுவதில்லை.

அப்படியானால் பூமராங் இடப்புறம் கவிழத்தானே வேண்டும்? கவிழாது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன். வீட்டில் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி, அச்சின் இரு முனைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் மேல்பக்கம் உங்களை விட்டு விலகிப் போகும்படி யாரையாவது வேகமாகச் சுற்றிவிடச் சொல்லுங்கள். இப்போது சக்கரத்தை இடப்பக்கம் சாய்க்கப் பாருங்கள். சாயாமல் முரண்டு பிடிக்கும். அதற்குப் பதில் இடப்பக்கமாகத் திரும்பும்! சுழலும் பொருளை ஓர் இடத்தில் தள்ளினால், அந்தத் தள்ளலின் பலன் கால் சுற்று தள்ளித்தான் தெரியும். உச்சியில் இடப்புறம் தள்ளிய தள்ளல், அந்தப் பகுதி முன்பக்கம் வந்து சேரும்போது வேலை செய்கிறது. முன்பக்கம் இடப்புறம் போனால் மொத்தப் பொருளும் இடப்புறம் திரும்புகிறது என்றுதானே அர்த்தம்?

பூமராங்குக்கும் நடப்பது இதுவே. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இடப்புறம் திரும்புகிறது. திரும்பத் திரும்ப, தள்ளுவிசையும் வட்டத்தின் மையத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. வட்டம் முடிகிற இடம் எறிந்தவர் நிற்கிற இடம். 2008-இல் தக்காவோ தோய் என்ற ஜப்பானிய விண்வெளி வீரர் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள் காகித பூமராங்கை எறிந்தார். எடையே உணர முடியாத அங்கேயும் அது திரும்பி வந்தது. திருப்புவது காற்றும் சுழற்சியும்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பலமாக எறிந்தால் பெரிய வட்டம் போடும் என்று பிள்ளைகள் தோள் வலிக்க எறிவார்கள். ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் அது திரும்புகிற வேகமும் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். வட்டம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். நெதர்லாந்தின் ஃபெலிக்ஸ் ஹெஸ் 1960-களிலும் 70-களிலும் இந்தக் கணக்குகளை விரிவாகப் போட்டுப் பார்த்தவர். வட்டம் பெரிதாக வேண்டும் என்றால் இரண்டு சிறகு நுனியிலும் ஒவ்வொரு ரூபாய் நாணயத்தை டேப் போட்டு ஒட்டுங்கள். கனம் நுனிக்குப் போனதும் திரும்ப மறுக்கும், வட்டம் விரியும்.

நேரம் நெருங்குகிறது, எறியப் போகிறவர்களுக்கு மட்டும் சில வார்த்தை. தொப்பூர்க் கணவாய்ப் பக்கம் அடிக்கிற காற்றில் எறியாதீர்கள், பின்னால் எங்கோ அடித்துக்கொண்டு போய்விடும். இலை மட்டும் அசைகிற காலை வேளை போதும். காற்றுக்கு நேர் எதிரே எறியாமல், வலது கைக்காரர்கள் அதற்கு வலப்புறமாக ஏறத்தாழ 45 பாகை விலகி எறியுங்கள். இடது கைக்காரர்களுக்கு எல்லாம் தலைகீழ், அவர்களுக்குத் தடியையே கண்ணாடி பிம்பமாகச் செய்ய வேண்டும். எறிந்தது விறுவிறுவென்று வானத்துக்கு ஏறித் தலைகுப்புறப் பாய்ந்து இறங்கினால், நீங்கள் அதிகமாகச் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள். இன்னும் நிமிர்த்திப் பிடியுங்கள். சுற்றிலும் 50 மீட்டருக்கு ஆளோ மாடோ மரமோ இருக்கக்கூடாது. அறுவடை முடிந்த வயல் சரியான இடம். திரும்பி வரும்போது பூமராங் படுக்கையாகிச் சுழன்றபடி மெதுவாக இறங்கும். அப்போது ஒரு கையால் எட்டிப் பிடிக்காமல், மேலே ஒரு உள்ளங்கை, கீழே ஒரு உள்ளங்கை வைத்து இரண்டுக்கும் நடுவே பிடியுங்கள். இந்த வாரமே ஒரு பிளைவுட் துண்டைத் தேடி எடுப்பீர்கள் என்று நம்புகிறேன்.