முக்கோணத்துக்குள்ள அஞ்சு இருந்தா போதுமா?

திருவண்ணாமலைல பௌர்ணமி அன்னைக்கு கிரிவலம் 14 கிலோமீட்டர் நடந்து முடிக்க ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணி ஆயிடும். சென்னையிலிருந்து வர்ற ஃப்ரெண்ட்ஸ் என் வீட்லதான் தங்குவாங்க. சாயங்காலமே பார்சல் வாங்கி ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டுக் கிளம்புவோம். திரும்பி வந்ததும் மைக்ரோவேவ் முன்னாடி ஒரு விவாதம் நடக்கும். ஒருத்தர் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்து, "முக்கோணம் போட்டிருக்கு மச்சி, வைக்கலாம்"னு தீர்ப்பு சொல்லுவார்.

அந்த முக்கோணம் அதுக்காகப் போட்டதே இல்லை. 1988-ல அமெரிக்காவில் பிளாஸ்டிக் தொழில் சங்கம் ஒண்ணு இதைக் கொண்டு வந்தது. பழைய பிளாஸ்டிக்கைப் பிரிக்கிறவங்க எது எந்த ரகம்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான் நோக்கம். அம்புக்குறிகள் சுத்தி வர்றதைப் பார்த்து, இதை நிச்சயம் மறுசுழற்சி பண்ணிடுவாங்கன்னு ஜனங்க நினைச்சுக்கிட்டாங்க. அந்தக் குழப்பத்தைக் குறைக்க 2013-ல அங்கே அம்புகளை எடுத்துட்டு வெறும் முக்கோணமா மாத்தினாங்க. ஆனா பழைய அச்சுகள்ல வர்ற டப்பாக்கள்ல அம்பு இன்னும் ஓடிக்கிட்டேதான் இருக்கு. ஆக, உள்ளே இருக்கிற எண் பிளாஸ்டிக்கோட பேரை மட்டும் சொல்லுது. சூடு தாங்குமா என்பதை நாமதான் அந்தப் பேரிலிருந்து ஊகிக்கணும்.

இப்போ அந்தப் பார்சலையே எடுத்துக்குவோம். சாம்பார் சாதம் இருக்கிற டப்பாவின் அடியில் 5. அது பாலிபுரோப்பிலீன், சுமார் 160 டிகிரியில்தான் உருகும். மூடி தனி. அது கண்ணாடி மாதிரி பளபளன்னு, அழுத்தினா படபடன்னு சத்தம் போடுற ரகமா இருந்தா பெரும்பாலும் 1 அல்லது 6. ஒண்ணு, தண்ணி பாட்டில் செய்யுற பெட். அது 70 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும். ஆறு, பாலிஸ்டைரீன். அது 100 டிகிரிக்குப் பக்கத்தில் நெளிஞ்சிடும். ஓட்டல் சாம்பார் ஆவி அந்த அளவுக்கு சுலபமா வந்துடும். அடிப்பாகத்தை மட்டும் பார்த்துட்டு மூடியோட வைக்கிறதுதான் அடிக்கடி நடக்கிற கோளாறு. மூடியையும் திருப்பிப் பாருங்க. சட்னி வந்த குட்டிக் கப்பையும் பாருங்க. எண்ணே இல்லைன்னா உள்ளே வைக்காதீங்க.

சரி, எல்லாமே 5. அப்போ வைக்கலாமா? இங்கதான் மைக்ரோவேவ் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும். அது பிளாஸ்டிக்கை நேரா சூடாக்குறதில்லை. சாப்பாட்டில் இருக்கிற தண்ணியைத்தான் முக்கியமா சூடாக்கும். அந்தச் சாப்பாடு டப்பாவைச் சூடாக்கும். அதனால காலி டப்பாவை அரை நிமிஷம் வெச்சு, "சூடாகலை, சேஃப்"னு சொல்ற டெஸ்ட் ஒண்ணையும் காட்டாது. தண்ணிச் சாம்பார் 100 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிச்சு நின்னுடும். எண்ணெய் மிதக்கிற குருமாவும் சர்க்கரைப் பாகும் அதைத் தாண்டிப் போகும், அதுவும் ஒரே இடத்தில். போதாததுக்கு, பிளாஸ்டிக்கில் சேர்க்கிற சில பொருள்கள் தண்ணியைவிட எண்ணெயில்தான் சுலபமா கரையும். அதனால தயிர் சாதத்துக்கு இல்லாத கவனம் குருமாவுக்கு வேணும்.

எண்ணைத் தவிர இன்னொரு குறியைத் தேடுங்க: அலை அலையா கோடுகள், இல்லைன்னா 'மைக்ரோவேவ் சேஃப்' என்ற வார்த்தை. கிளாஸும் முள்கரண்டியும் சேர்ந்த படத்துக்கு அர்த்தம் வேற. உணவு வைக்க ஏத்ததுன்னு மட்டும்தான் அது சொல்லுது. அலைக்கோடு இருந்தாலும் டப்பா சாதாரணமா சூடாக்கும்போது உருகாது, நெளியாதுன்னு எடுத்துக்கலாம். துளிகூட எதுவும் சாப்பாட்டில் இறங்காதுன்னு யாரும் உத்தரவாதம் தர்றதில்லை. நம்ம ஊர் சட்டமும் பூஜ்யம் கேட்கலை. 2018-ல வந்த உணவுப் பொதி விதிகளின்படி, ஒரு கிலோ உணவுக்கு மொத்தமா 60 மில்லிகிராம் வரை இறங்கலாம்.

பார்சல் டப்பா ஒரு தடவை உபயோகத்துக்காக மெல்லிசா வார்த்தது. கழுவி ரெண்டாம் தடவை, மூணாம் தடவை குருமா சூடாக்கினவங்க உள்பக்கம் கையால் தடவிப் பாருங்க. எண்ணெய் நின்ன மட்டத்தில் ஒரு வளையம் சொரசொரப்பா இருக்கும், வெள்ளையாப் புள்ளி விழுந்திருக்கும். மேற்பரப்பே வெந்துபோயிருக்குன்னு அர்த்தம். வெறும் மஞ்சள் கறை வேற விஷயம், அது நிறம் மட்டும்தான். சொரசொரப்பு வந்த டப்பாவை அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீங்க. ஊறுகாய்க்கும் வேண்டாம், அதுலயும் எண்ணெய்தான். கடுகு, வத்தல் போட்டு வைக்க அது தாராளமா போதும்.